காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் குழந்தை எழுந்திருக்கவில்லை

*டாக்டருக்கு வணக்கம். என் மகளுக்கு நாலு வயசு, எடை 14 கிலோ. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காய்ச்சல் ஆரம்பித்தது. 102 இருந்தது, திங்கள் ராத்திரி 103 வந்தது. சளி, இருமல் எதுவும் இல்லை. வீட்டில் இருந்த பாராசிட்டமால் சிரப் 5 மி.லி. கொடுத்தால் லேசாகக் குறையும், மூணு மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடும். இன்று புதன். காலையிலிருந்து 99தான் காட்டுகிறது. மாமியார் “காய்ச்சல் விட்டுடுச்சு, இனிமே பயமில்ல” என்கிறார். ஆனால் அவள் படுத்தேதான் இருக்கிறாள். வயிறு வலிக்கிறது என்கிறாள், ரெண்டு தரம் வாந்தி எடுத்தாள். அசதியாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். என் கணவர் 103க்கு மேல் போனால்தான் ஆஸ்பத்திரி என்கிறார், மழை வேறு. எத்தனை டிகிரி வந்தால் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும்? திரும்பக் காய்ச்சல் வந்தால் இதைவிட வேகமாகக் குறைக்கிற மருந்து ஏதாவது வாங்கி வைக்கலாமா? நாத்தனாரின் ரெண்டு மாதக் கைக்குழந்தையும் இதே வீட்டில் இருக்கிறது. அதற்கு ஒட்டிக்கொள்ளுமா?*
*– பெயர் வேண்டாம், கொளத்தூர்*

அம்மா, இது பதில் அச்சில் வரும்வரை காத்திருக்கக்கூடிய மடல் இல்லை என்பதால் அன்றைக்கு இரவே உங்களை போனில் அழைத்தேன். உங்களுக்கு நினைவிருக்கும், நான் டிகிரியைப் பற்றிக் கேட்கவே இல்லை. “பாப்பா கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாள்?” என்று மட்டும் கேட்டேன். நீங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் உள்ளே திரும்பி மாமியாரிடம் கேட்டீர்கள். “காலையில எழுந்ததும் போனா” என்ற பதில் எனக்கே கேட்டது. அப்போது மணி இரவு எட்டு. மீதியைக் கேட்காமலேயே உடனே கிளம்புங்கள் என்றேன். நீங்களும் மழையைப் பார்க்காமல் ஆட்டோ பிடித்துப் போனீர்கள். டெங்கு என்று தெரிந்தது. இரண்டு நாள் சலைன் ஏறி, சனிக்கிழமை குழந்தை வீடு திரும்பிவிட்டாள். மடலையும் பதிலையும் வெளியிடலாம் என்று நீங்களே சொன்னதால் போனில் சொல்ல நேரமில்லாததை இங்கே எழுதுகிறேன்.

103க்குப் போகாமல் இருந்திருக்கலாம், 99க்குப் போகாமல் இருந்திருக்கக் கூடாது

உங்கள் கணவர் சொன்ன கணக்கு பல வீடுகளில் இருக்கிறது. 100 என்றால் கைவைத்தியம், 102 என்றால் சிரப், 103 என்றால் ஆஸ்பத்திரி. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் காய்ச்சலின் உயரம் நோயின் கடுமையைச் சொல்வதில்லை. மூன்று நாளில் தானே போய்விடும் சாதாரண வைரஸ் காய்ச்சல் 104 வரை ஏறும். மோசமான நோயில் 100ஐத் தாண்டாமலும் இருக்கும்.

திங்கட்கிழமையையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு 103. மருந்து கொடுத்துக் கொஞ்சம் இறங்கியதும் எழுந்து உட்கார்ந்து டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டாள், அரை டம்ளர் ரசம் சாதம் சாப்பிட்டாள், மூன்று நான்கு தடவை ஒன்றுக்குப் போனாள் என்று பிற்பாடு சொன்னீர்கள். அந்த 103க்கு நடுராத்திரியில் ஓடத் தேவையில்லை. நீங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தது சரிதான். புதன்கிழமை 99. ஆனால் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. உங்கள் வீட்டுக் கணக்குப்படி பார்த்தால், போக வேண்டிய நாளில்தான் நீங்கள் நிம்மதியாக இருந்தீர்கள்.

தெர்மாமீட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையால் தொட்டுப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல். டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளின் நடுவில் வைத்து, கையை உடம்போடு அணைத்து, ‘பீப்’ வரும்வரை பிடியுங்கள். 100.4 அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் வேலை அவ்வளவுதான். அரை மணிக்கு ஒரு தரம் வைத்துப் பார்ப்பதால் புதிதாக எதுவும் தெரிந்துவிடாது, தூங்குகிற பிள்ளைதான் விழித்துக்கொள்ளும்.

மருந்து வேலை செய்கிற நேரத்தில் பிள்ளையைப் பாருங்கள்

காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது எந்தக் குழந்தையும் துவண்டுதான் கிடக்கும். மூச்சு கொஞ்சம் வேகமாக இருக்கும், நெஞ்சு படபடக்கும். காய்ச்சல் ஏறுகிற நேரத்தில் குளிர் நடுங்கி, உள்ளங்கையும் பாதமும் சில்லென்று ஆவதும் வழக்கம்தான். அந்த நேரத்தில் பார்த்து முடிவு செய்தால் எல்லாக் குழந்தையும் ஆபத்தில் இருப்பது போலத் தெரியும். அதனால் பாராசிட்டமால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, உடம்பு கொஞ்சம் தணிந்த வேளையில் உட்கார்ந்து பாருங்கள். நான் கிளினிக்கில் பார்ப்பதும் இதைத்தான்.

முதலில் முகம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளா, உங்கள் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாளா, பிடித்த பொம்மையைக் காட்டினால் கை நீள்கிறதா? அழுதால்கூடப் பரவாயில்லை. தூக்கினால் அடங்குகிற அழுகை நல்ல அழுகைதான். எழுப்பினாலும் கண் சொருகிக்கொண்டே போவது, அல்லது எப்படி வைத்துக்கொண்டாலும் இருப்புக்கொள்ளாமல் புரண்டு முனகுவது, இந்த இரண்டும் எனக்குப் பிடிக்காது.

அடுத்தது சிறுநீர். வீட்டில் யாருமே இதைக் கணக்கு வைப்பதில்லை. டயபர் போடுகிற குழந்தையென்றால் கனம் தெரியும். உங்கள் மகள் போலத் தானே பாத்ரூம் போகிற வயசில் அம்மா பாட்டியென்றும் பாட்டி அம்மாவென்றும் நினைத்துக்கொண்டு, ஒருவரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்றுக்குப் போகவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். நிறம் டீ போல அடர்ந்து, அளவும் குறைந்துகொண்டே போனால் எட்டு மணி நேரம்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது மூச்சு. குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு வயிறு எத்தனை தடவை எழும்புகிறது என்று எண்ணுங்கள். பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்கினால் தப்பாகிவிடும், முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயசிலிருந்து ஐந்து வயசுக்குள் 40 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயசுக்குள் 50 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

வலிப்பு வந்தாலும், பிடரி விறைத்துத் தலையைக் குனிய முடியாமல் போனாலும், விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது கருநீலப் புள்ளிகள் தோலில் தெரிந்தாலும் அப்படித்தான், உடனே கிளம்ப வேண்டும். வலிப்பின்போது வாயில் ஸ்பூன் வைக்காதீர்கள், கையில் சாவிக்கொத்து திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள்.

நாலாம் நாள்

உங்கள் மாமியார் மேல் எனக்கு வருத்தமில்லை. காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்பது முக்கால்வாசி காய்ச்சலுக்குப் பொருந்தும். டெங்குவுக்குத்தான் பொருந்தாது.

டெங்குவில் முதல் மூன்று நாள் காய்ச்சல் கொளுத்தும். உடம்பு வலி, கண்ணுக்குப் பின்னால் வலி இருக்கும், முகம் சிவந்திருக்கும், ஆனால் பெரும்பாலும் சளி இருக்காது. சிக்கல் வந்தால் அது மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில், அதுவும் பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற சமயத்தில்தான் வரும். அப்போது சில குழந்தைகளுக்கு நுண்ணிய ரத்தக்குழாய்கள் புது மண்பானை போலக் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வெளியேறி வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் தேங்கும், குழாய்க்குள் மிஞ்சுகிற ரத்தம் கெட்டியாகும். வயிறு வலிப்பதும் வாந்தி நிற்காததும் அதனால்தான். ஓடுகிற ரத்தம் குறைந்ததும் உடம்பு சிக்கனம் பிடிக்கும். முதலில் சிறுநீரைக் குறைக்கும், பிறகு கை கால்களுக்கு அனுப்புவதைக் குறைக்கும். காய்ச்சல் ஏறும்போது கை கால் சில்லிடுவது வழக்கம் என்று மேலே சொன்னேன். காய்ச்சலே இல்லாதபோது சில்லென்று வியர்த்திருக்கும் உள்ளங்கையைப் பார்த்தால் பயப்பட வேண்டும். பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாகப் போகிற மலம் இவையும் அதே எச்சரிக்கைகள்தான்.

கசிவு பொதுவாக 24 முதல் 48 மணி நேரம் இருந்துவிட்டுத் தானே அடங்கும். அந்த ஒன்றிரண்டு நாளில் சலைனை அளந்து ஏற்றி, ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சையே. தாமதமாக வந்தால் அளப்பது கடினமாகிவிடும், குறைவாக ஏற்றினாலும் ஆபத்து, அதிகமாக ஏற்றினாலும் ஆபத்து.

ஆகவே நாள் கணக்கை விடாதீர்கள். காய்ச்சல் தொடங்கிய நாளே முதல் நாள். உங்களுக்கு ஞாயிறு முதல் நாள், புதன் நாலாம் நாள். “ரெண்டு மூணு நாளா காய்ச்சல் டாக்டர்” என்றுதான் கிளினிக்கில் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த இரண்டும் மூன்றும் ஒன்றில்லை. ஞாயிறு சாயங்காலம் என்று கிழமையோடு சொன்னால் பாதி வேலை முடிந்தது.

அன்று இரவு எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளை போனில் அனுப்பியிருந்தீர்கள். பிளேட்லெட் 88 ஆயிரம் என்பதை வட்டமிட்டு “ஏத்தணுமா டாக்டர்?” என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்த்தது அதற்கு மேல் வரியில் இருந்த 44ஐ. அதன் பெயர் ஹெமட்டோகிரிட், சில தாளில் பி.சி.வி. என்று போட்டிருப்பார்கள். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்கிற எண் அது. உங்கள் மகள் வயசில் 35ஐ ஒட்டி இருக்கும். 44 என்றால் நீர் வெளியேறி ரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறது என்று பொருள். பிளேட்லெட் குறைவதைப் பார்த்து எல்லோரும் பதறுகிறோம், ஆனால் டெங்குவில் குழந்தைகளை ஆபத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்த நீர்க்கசிவுதான். ரத்தக்கசிவு இல்லாத குழந்தைக்கு 88 ஆயிரம் என்பதற்காக பிளேட்லெட் ஏற்ற மாட்டார்கள். பப்பாளி இலைச்சாறு தேடி அலைவதிலும் அந்த நேரத்தை வீணாக்க வேண்டாம். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு அந்தக் கசப்பை ஊட்டினால், உள்ளே இருக்கிற கொஞ்சத் தண்ணீரும் வெளியே வந்துவிடும்.

இன்னொன்று. முதல் நாளே லேபுக்கு ஓடி, “எல்லாம் நார்மல்” என்று தாளோடு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. முதல் இரண்டு நாளில் பிளேட்லெட்டும் ஹெமட்டோகிரிட்டும் சரியாகவே இருக்கலாம். என்.எஸ்.1 பரிசோதனை முதல் நான்கைந்து நாளில் நோயைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் இல்லை என்று வந்தால் டெங்கு இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. எந்தப் பரிசோதனையை எந்த நாளில் எடுப்பது என்பதைப் பார்க்கிற டாக்டர் முடிவு செய்யட்டும். சளியும் இருமலும் இல்லாமல் காய்ச்சல் அடிக்கிற பெண் குழந்தைக்குச் சிறுநீர்ப் பரிசோதனையும் எடுக்கச் சொல்வோம், சிறுநீர்த் தொற்று வேறெந்த அடையாளமும் இல்லாமல் காய்ச்சலாக மட்டுமே வரும். போகும்போது பிள்ளையை பாத்ரூமுக்குக் கூட்டிப் போய்விட்டு வராதீர்கள், இங்கே வந்து பாட்டிலில் பிடிக்கட்டும்.

பாட்டிலில் ஒட்டியிருக்கும் எண்

சிரப் கொடுத்தும் இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய பாட்டில் படத்தில், 5 மி.லி.யில் 120 மி.கி. என்று இருக்கிறது. பாராசிட்டமால் அளவு வயசைப் பார்த்து இல்லை, எடையைப் பார்த்து. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி. உங்கள் மகள் 14 கிலோ, எனவே 140 முதல் 210 வரை. நீங்கள் கொடுத்தது 120. மருந்து பத்தவில்லை, அவ்வளவுதான்.

உடனே அளவைக் கூட்டிவிடுங்கள் என்று சொல்லவும் எனக்குக் கொஞ்சம் தயக்கம். ஏனென்றால் அதே கம்பெனி, அதே நிறம், அதே டப்பாவில் 5 மி.லி.க்கு 250 மி.கி. என்று இன்னொரு சிரப்பும் கடையில் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். 120 பாட்டிலில் 8 மி.லி. கொடுத்தால் 192 மி.கி., சரியான அளவு. அடுத்த வாரம் கடைக்காரர் 250ஐக் கொடுத்து, பழக்கத்தில் நீங்கள் அதே 8 மி.லி.யை ஊற்றினால் 400 மி.கி., ஒரே வேளையில் இரண்டு மடங்கு. அதில் 4 மி.லி.தான் வேண்டும். ஒவ்வொரு பாட்டில் வாங்கும்போதும் லேபிளைப் படித்து, டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ இந்த எடைக்கு எத்தனை மி.லி. என்று கேட்டு, பாட்டிலின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். வீட்டு ஸ்பூன் வேண்டாம், மூடியோடு வரும் அளவுக் கிண்ணமோ சிரிஞ்சோ போதும். ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் ஆறு மணி நேரம் விடுங்கள், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம்.

வேகமாகக் குறைக்கிற மருந்து கேட்டிருந்தீர்கள். கடையில் இபுப்ரோஃபென் கிடைக்கும், மெஃபெனமிக் ஆசிட் கலந்த சிரப்பும் கிடைக்கும். வேகமாக இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் டெங்கு சந்தேகம் இருக்கிற மழைக்காலத்தில் இவற்றை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தக்கசிவை இவை அதிகப்படுத்தும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரினும் கூடாது. போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக் பாட்டில் ஃபிரிட்ஜில் இருந்தால் அதைக் கொட்டிவிடுங்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது, நாங்கள் பார்க்கும் அடையாளங்களைத்தான் குழப்பும். ஐஸ் தண்ணீரில் துடைப்பதும் வேண்டாம், குழந்தை நடுங்கி உள்சூடு இன்னும் ஏறும்.

குடிக்கக் கொடுப்பதில் கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். எதுவானாலும் சரி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டு ஸ்பூன். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு டம்ளரோடு கொடுத்தால் டம்ளரோடு திரும்பி வரும். மாதுளைச் சாறு, பீட்ரூட் சாறு மட்டும் அந்த நாட்களில் வேண்டாம். சிவப்பாக வாந்தி எடுத்தால் அது சாறா ரத்தமா என்று இரவு இரண்டு மணிக்கு எங்களால் சொல்ல முடியாது.

இரவில் போக வேண்டி வந்தால்

வழக்கமான டாக்டர் கிடைக்கவில்லை என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். கொளத்தூரிலிருந்து எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை அப்படியொன்றும் தூரமில்லை, எந்த நேரமும் பார்ப்பார்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டு எடுத்துப் போங்கள். உங்களுக்காக நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “எடை 14. காய்ச்சல் ஞாயிறு மாலை 6 முதல். கடைசியாக 100.4க்கு மேல் இருந்தது செவ்வாய் இரவு. கடைசி பாராசிட்டமால் புதன் அதிகாலை 3 மணி, 120 மி.கி. கடைசி சிறுநீர் காலை 7. வாந்தி 2. வயிற்று வலி மதியம் முதல்.” இதைப் பார்த்தாலே பணியில் இருக்கிற டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். மருந்து பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள்.

கைக்குழந்தை

டெங்கு தொட்டால், தும்மினால் ஒட்டாது. வைரஸைச் சுமக்கிற ஏடிஸ் கொசு, அது உங்கள் மகளைக் கடித்து வைரஸை வாங்கியதாகவும் இருக்கலாம், அந்தக் குழந்தையைக் கடித்தால்தான் வரும். அது பகலில் கடிக்கிற கொசு, ஆகவே இருவரையும் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். மெட்ரோ வாட்டர் பிடித்து வைத்திருக்கிற டிரம்மை மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும்.

நாத்தனாரிடம் இதையும் சொல்லிவிடுங்கள். மேலே எழுதிய பொறுமையெல்லாம் உங்கள் மகள் வயசுக்குத்தான். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 வந்தால் விளையாடுகிறதா, பால் குடிக்கிறதா என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சொட்டு மருந்து கொடுத்து இறங்குகிறதா என்றும் காத்திருக்கக் கூடாது. அந்த வயசில் பெரிய தொற்றும் சின்னத் தொற்றும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். மணி எத்தனையானாலும் அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.